இரவல் கேட்டால் என்ன சொல்வது?

‘இரவல்’ என்ற சொல் ‘இர’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. இரத்தல் என்றால் கேட்டுப் பெறுதல். கடனுக்கும் இரவலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பத்து வெள்ளியைக் கடனாக வாங்கியவர் அதே தாளைத் திருப்பித் தர வேண்டியதில்லை. வேறு பத்து வெள்ளியைக் கொடுத்தால் போதும். இரவல் அப்படியன்று. எடுத்துச் சென்ற அதே பொருள், எடுத்துச் சென்ற அதே நிலையில் திரும்பி வர வேண்டும். ஏணியோ மண்வெட்டியோ திரும்பி வந்தால் கணக்கு அத்துடன் முடிந்துவிடும். மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் அத்தகைய பொருள்கள் அல்ல. அவை கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தாலும், வெளியே போயிருந்த நேரத்தில் நடந்தவை உரிமையாளரின் பெயரிலேயே தங்கிவிடக்கூடும்.

அதனால்தான் இவ்விரண்டையும் இரவல் கொடுக்கப் பலர் தயங்குகிறார்கள். ஆனால், தயக்கத்தை வாயால் சொல்வது எளிதாக இல்லை. கேட்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தால், “இல்லைங்க” என்று சொல்லிவிட்டு நடக்கலாம். கேட்பவர் கூடப்பிறந்த தம்பியாக இருந்தால், “போடா, தர மாட்டேன்” என்றுகூடச் சொல்லலாம். இரவு உணவுக்குள் அது மறந்துபோகும். இடையில் இருப்பவர்தான் சிக்கல். அண்டைவீட்டார், உடன் வேலை செய்பவர், கோவில் திருவிழாவில் தோளோடு தோள் நின்றவர், பழைய வகுப்புத்தோழன் ஆகியோரிடம் மறுப்பதற்குத்தான் சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது.

மொழியியலாளர் நெசா உல்ஃப்சன் 1988ஆம் ஆண்டில் இதையே ஒரு கோட்பாடாக எழுதினார். மிக நெருங்கியவர்களிடமும் அறவே அறியாதவர்களிடமும் மக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி சுருக்கமாகப் பேசுகிறார்கள். நடுவில் இருக்கும் அறிமுகமானவர்களிடம்தான் சுற்றி வளைத்து, சமாதானம் சொல்லி, நீட்டிப் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. வரைபடமாகப் போட்டால் நடுப்பகுதி மட்டும் புடைத்து நிற்கும். ஆகையால் அதற்குப் ‘புடைப்பு’ என்றே பெயர் வைத்தார். நெருங்கிய உறவு எதையும் தாங்கும். அந்நியரோடு கெடுவதற்கு உறவே இல்லை. அறிமுகமானவரோடு உள்ள உறவு இன்னும் உறுதிப்படாதது. ஒரு சொல் அதை வளர்க்கவும் கூடும், முறிக்கவும் கூடும்.

பேராக் மாநிலத்தின் பழைய இரப்பர்த் தோட்டங்களில் இந்தப் புடைப்பு சற்று வேறு விதமாக இருந்தது. லயத்து வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நின்றன. ஒருவர் வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் பக்கத்து வீட்டுக் கிண்ணம் வரும். சைக்கிளை இரவல் வாங்கியவர் எங்கே போனார், எப்போது திரும்பினார் என்பது லயத்துக்கே தெரியும். காலையில் பிரட்டுக்களத்தில் இருவரும் மீண்டும் சந்திக்கத்தான் வேண்டும். பொருள் கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே சுற்றியதால், கொடுப்பதும் பெரிய துணிச்சலாக இருக்கவில்லை. பின்னர்ப் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. வேறு சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. மக்கள் சுங்கை சிப்புட், ஈப்போ, புந்தோங் போன்ற இடங்களில் குடியேறினார்கள். பழைய பழக்கம் மட்டும் கூடவே வந்தது. “ஒரே தோட்டத்துக்காரங்கதானே” என்ற உரிமையோடு இன்றும் இரவல் கேட்கப்படுகிறது. ஆனால், கேட்கப்படும் பொருள் இப்போது செம்மண் பாதையைத் தாண்டி நெடுஞ்சாலைக்குப் போகிறது.

நெடுஞ்சாலையில் என்ன மாறுகிறது? 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டுபவரை மட்டும் குற்றவாளியாகக் கருதவில்லை. உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பதும் அச்சட்டப்படி குற்றமே. காப்புறுதி இல்லாத வாகனத்தைப் பிறர் ஓட்ட விடுவதும் அவ்வாறே. வாகனம் விதிமீறலில் சிக்கினால், அப்போது ஓட்டியவர் யார் என்ற விவரத்தைத் தர வேண்டிய பொறுப்பு பதிவு உரிமையாளருக்கு உண்டு. வேகக் கண்காணிப்புக் கேமரா ஓட்டியவரின் பெயரை அறியாது. அது வாகன எண்ணைத்தான் படம் பிடிக்கிறது. அறிவிப்புக் கடிதம் அந்த எண்ணுக்குரியவர் வீட்டுக்கு வரும்.

காரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐந்தாண்டுகள் இழப்பீடு எதுவும் கோராத தனியார் கார் உரிமையாளருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் 55 விழுக்காடு வரை கழிவு கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக, முழுக் கட்டணம் 1,000 வெள்ளி என்றால் அவர் செலுத்துவது 450 வெள்ளி. இரவல் வாங்கியவர் விபத்தை உண்டாக்கி, அதற்காக அந்தக் காப்புறுதியில் இழப்பீடு கோரப்பட்டால் கழிவு போய்விடும். அடுத்த முறை 1,000 வெள்ளியும் கட்ட வேண்டும். மறுபடியும் 55 விழுக்காட்டை எட்ட ஆண்டுகள் பிடிக்கும். இரவல் வாங்கியவர் நல்லவராகவே இருந்து பழுதைச் சரிசெய்து கொடுத்தாலும், இந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவது அரிது. அப்படி ஓர் இழப்பு இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

ஆக, மறுப்பதற்குக் காரணம் உண்டு. அதை எந்த வடிவில் சொல்வது என்பதே மீதிக் கேள்வி. இதற்குத் தமிழ் இலக்கணமே ஒரு வழி காட்டுகிறது. “கொடுக்க மாட்டேன்”, “கொடுக்க முடியாது”, “கொடுப்பதில்லை” என்ற மூன்று தொடர்களும் மறுப்பையே குறிக்கின்றன. ஆனால், மூன்றும் ஒன்றல்ல.

‘மாட்டேன்’ என்பது விருப்பத்தைச் சொல்கிறது. அதன் இறுதியில் ‘ஏன்’ என்ற தன்மை விகுதி இருக்கிறது. நான் விரும்பவில்லை, அதுவும் உனக்குக் கொடுக்க விரும்பவில்லை என்ற பொருள் கேட்பவரின் காதில் விழுகிறது. ‘முடியாது’ என்பது இயலாமையைச் சொல்கிறது. அதில் தன்மை விகுதி இல்லாததால் அது சற்று மென்மையானது. ஆனால், இயலாமைக்குத் தீர்வு உண்டு என்பதால், “ஏன் முடியாது?” என்ற அடுத்த கேள்வியை அதுவே அழைத்து வருகிறது. ‘கொடுப்பதில்லை’ என்பது வழக்கத்தைச் சொல்கிறது. கேட்டவர் யாராக இருந்தாலும் விடை இதுதான் என்பது அதில் அடங்கியிருக்கிறது. அவரைத் தனியே எடைபோட்டுத் தள்ளியதாக அது ஒலிக்காது. தீர்த்துவைப்பதற்கு அதில் தடை எதுவும் இல்லை. எனவே, விவாதமும் நீளாது.

இதை ஒரு சூழலில் வைத்துப் பார்க்கலாம். சுங்கை சிப்புட் அருகே ஒரு வீடமைப்புப் பகுதி. சனிக்கிழமை மாலை. தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருக்கிறார். முன்பு ஒரே தோட்டத்தில் வாழ்ந்த, இப்போது அடுத்த வரிசை வீட்டில் இருக்கும் ஒருவர் வருகிறார். அவர் இளைஞரைவிடப் பத்து வயது மூத்தவர்.

“தம்பி, மோட்டார ஒரு மணி நேரம் கொடுங்க. ஈப்போவுக்குப் போயிட்டு வந்திடுறேன்.”

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போய்வரும் பயணமே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். இரவல் கேட்பவர் சொல்லும் நேரம் பெரும்பாலும் அவருடைய நம்பிக்கையைக் காட்டுமே தவிர, கடிகாரத்தைக் காட்டாது. இளைஞருக்கு முதலில் நாவில் வருபவை சாக்குகள்.

“பெட்ரோல் இல்லண்ணே” என்றால், “நான் ஊத்திக்கிறேன் தம்பி” என்ற பதில் வரும். இப்போது மறுக்க வேறு காரணம் வேண்டும். “பிரேக் சரியில்ல” என்றால், “மெதுவா ஓட்டுறேன்” என்பார். மறுநாள் காலையில் அதே மோட்டார் சைக்கிளில் இளைஞர் வேலைக்குப் போவதை அவர் பார்ப்பார். அப்போது அவருக்குக் கிடைப்பது மறுப்பு மட்டுமன்று; தம்மிடம் பொய் சொல்லப்பட்டது என்ற செய்தியும்தான். பின்னதே நெடுநாள் உறுத்தும். “அப்பாவக் கேட்கணும்” என்றால், அவர் அப்பாவிடமே போய்க் கேட்பார். சங்கடம் முதியவர் தலையில் இறங்கும். “அப்புறம் பார்க்கலாம்” என்றால், அவர் அதை நம்பிக் காத்திருப்பார். வேறு வழி தேடியிருக்கக்கூடிய அரைமணி நேரமும் வீணாகும். மறுப்பதைவிட மறுக்காமல் இழுப்பதே அவருக்கு அதிகக் கெடுதல்.

“உங்ககிட்ட லைசன்ஸ் இருக்காண்ணே?” என்று கேட்பது இன்னொரு வழி. கேள்வி நியாயமானதுதான். ஆனால், உரிமம் இருந்தால் கொடுப்பேன் என்ற எண்ணம் உண்மையில் இருந்தால் மட்டுமே அதைக் கேட்க வேண்டும். இல்லையென்றால், அவர் பணப்பையிலிருந்து உரிமத்தை எடுத்துக் காட்டியதும் இளைஞர் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். சோதனை செய்துவிட்டு, தேறிய பிறகும் மறுப்பது எல்லாவற்றையும்விட மோசமான அவமதிப்பு.

இப்படிச் சொன்னால் எப்படியிருக்கும்?

“அண்ணே, மோட்டார வீட்டு ஆளுங்களத் தவிர வெளிய கொடுக்கறதில்லண்ணே. என் பேர்ல இருக்கு, ஏதாச்சும் ஆனா நான்தான் பதில் சொல்லணும். ஈப்போவுல என்ன வேலைண்ணே?”

இந்த மூன்று வாக்கியங்களின் வரிசையைக் கவனிக்கலாம். முதலில் ‘அண்ணே’ என்ற விளி. உறவு அப்படியே இருக்கிறது என்று அது சொல்கிறது. மறுப்பு முதல் வாக்கியத்திலேயே, வழக்கமாக வந்துவிடுகிறது. அவர் காத்திருக்கத் தேவையில்லை. காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் உண்மையானது. அது மோட்டார் சைக்கிளின் பதிவைப் பற்றியது. அவருடைய ஓட்டும் திறனையோ நேர்மையையோ பற்றியதன்று. கடைசியில் வருவது கேள்வி. அவர் கேட்டது மோட்டார் சைக்கிள்; அவருக்குத் தேவையானது வேறொன்று. அந்தத் தேவை என்ன என்பதை நோக்கிப் பேச்சு நகர்கிறது.

‘வீட்டு ஆளுங்களத் தவிர’ என்ற விலக்கு வீண் சொல் அன்று. இளைஞரின் தம்பி அதே வண்டியை ஓட்டுவதை அக்கம்பக்கத்தார் பார்த்திருப்பார்கள். “யாருக்குமே கொடுப்பதில்லை” என்று சொன்னால் அது உடனே பொய்யாகிவிடும். சென்ற வாரம் நண்பர் ஒருவருக்குக் கொடுத்திருந்தால், இந்த வழக்கத்தையே இன்று காரணமாகச் சொல்ல இயலாது. வழக்கம் என்று சொல்வது உண்மையிலேயே வழக்கமாக இருக்க வேண்டும். இந்த முறையின் விலை அதுதான்: பிடித்தவருக்கு ஒரு நீதி, பிடிக்காதவருக்கு ஒரு நீதி என்று வைத்துக்கொள்ள முடியாது.

பெரும்பாலும் ஒரு மறுப்போடு பேச்சு முடியாது. “என்ன தம்பி, நான் என்ன யாரோவா? ஒரே தோட்டத்துல வளர்ந்தவங்க” என்று அவர் கேட்கலாம். இங்கேதான் பலர் தடுமாறிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் இப்போது கேட்பது மோட்டார் சைக்கிளை அன்று. தம் மதிப்பு என்ன என்று கேட்கிறார். ஆகவே, அந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்ல வேண்டும். “நீங்க யாரோ இல்லண்ணே. அதனாலதான் சாக்குச் சொல்லாம நேராச் சொல்றேன்.” பிறகு முன்பு சொன்ன அதே காரணத்தை மீண்டும் சொன்னால் போதும். புதுக் காரணங்களை அடுக்கக் கூடாது. ஒரு காரணத்தை நம்புபவர்கூட மூன்று காரணங்களைக் கேட்டால் எதையும் நம்பமாட்டார்.

ஈப்போ மருத்துவமனையில் இருக்கும் தம் தாயாருக்கு மாற்றுத்துணி கொண்டுபோக வேண்டும் என்று அவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். இப்போது இளைஞருக்குப் பல வழிகள் திறக்கின்றன. “ஏழு மணிக்கு நானே உங்கள ஏத்திட்டுப் போறேன், இன்னொரு ஹெல்மெட் இருக்கு” என்று சொல்லலாம். நேரம் இல்லையென்றால், கைப்பேசியில் வாடகைக் கார் பதிவுசெய்து தரலாம்; அன்று மாலை ஈப்போவுக்குப் போகும் வேறொருவரைத் தெரிந்தால் சொல்லலாம். செய்ய முடிந்ததை மட்டும் சொல்வது முக்கியம். செய்ய மனமில்லாத உதவியை முகத்துக்காகச் சொன்னால், அவர் அதை ஏற்றுக்கொள்ளும்போது மறுப்பு இரண்டாவது முறையாகத் தொடங்கும். உதவ எதுவுமே இல்லையென்றால், தாயாரின் நலனை விசாரித்துவிட்டு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

இந்த இடத்தில் ‘முகம்’ என்ற சொல்லைச் சற்றுப் பார்க்கலாம். முகம் கொடுத்துப் பேசுகிறோம்; முகம் சுளிக்கிறோம்; முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறோம்; முகதாட்சண்யத்துக்காக இணங்குகிறோம். உறவின் நிலையைத் தமிழ் முகத்தை வைத்தே அளக்கிறது. பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு மொழியியலாளர்கள் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட பணிவு பற்றிய ஆய்வும் ‘முகம்’ என்ற கருத்தின்மீதே எழுப்பப்பட்டது. அவ்வாய்வு எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளுள் ஒன்று தமிழ். கோயம்புத்தூர்ப் பகுதிச் சிற்றூர் மக்களின் பேச்சை லெவின்சன் அங்கே தங்கிப் பதிவுசெய்தார். ஒவ்வொருவருக்கும் இரண்டு விருப்பங்கள் உண்டு என்கிறது அந்த ஆய்வு. பிறர் தம்மை மதிக்க வேண்டும் என்பது ஒன்று. தம் விருப்பப்படி நடக்கப் பிறர் குறுக்கிடக் கூடாது என்பது மற்றொன்று. இரவல் கேட்பவர் உரிமையாளரின் இரண்டாவது விருப்பத்தைத் தொடுகிறார். மறுப்பவர் கேட்பவரின் முதல் விருப்பத்தைத் தொடுகிறார். கேட்கும்போதே மூத்தவர் ‘தம்பி’ என்று அழைத்ததும், ‘ஒரு மணி நேரம்’ என்று சுருக்கியதும் அந்த உரசலைக் குறைக்கத்தான். அவர் செய்த அதே வேலையை இளைஞரின் ‘அண்ணே’யும் விசாரிப்பும் மறுபக்கத்திலிருந்து செய்கின்றன.

கைப்பேசி விஷயத்தில் மறுப்பது உண்மையில் இன்னும் எளிது. பலர் இதைக் கவனிப்பதில்லை. மோட்டார் சைக்கிள் உரிமையாளர் கூடவே போனால்தான் தேவையை நிறைவேற்ற முடியும். கைப்பேசியிலோ, பொருளைக் கையை விட்டுக் கொடுக்காமலே தேவையை நிறைவேற்றிவிடலாம். பேருந்து நிறுத்தத்தில் தெரிந்தவர் ஒருவர், “பேட்டரி செத்துடுச்சு, போன் கொஞ்சம் கொடு” என்று கேட்டால், “நம்பரச் சொல்லுங்கண்ணே, நானே போட்டுத் தரேன்” என்பது போதுமான விடை. எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியை இயக்கிப் பிடித்துக்கொள்ளலாம். இதில் ‘இல்லை’ என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும், வங்கிச் செயலியும் புகைப்படங்களும் உரையாடல்களும் உள்ள கைப்பேசி பிறர் கைக்குப் போகவில்லை.

“அரைமணி நேரம் வச்சுக்கிறேன்” என்ற வேண்டுகோளுக்கு இது பொருந்தாது. அங்கே வழக்கத்தைச் சொல்லியே மறுக்க வேண்டும். அதற்கும் சட்டம் சார்ந்த காரணம் உண்டு. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114A என்ற பிரிவு 2012ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பதிவு எவருடைய பெயரில் பதிவான இணைப்பிலிருந்து அல்லது எவர் வசமுள்ள கருவியிலிருந்து வெளியானதோ, மாறாக நிறுவப்படும்வரை அவரே அதை வெளியிட்டவர் என்று அப்பிரிவு அனுமானிக்கிறது. இரவல் வாங்கியவர் யாரையாவது இழிவுபடுத்தி எழுதிவிட்டால், ‘அதை எழுதியவன் நானல்லன்’ என்று நிறுவ வேண்டிய சுமை கைப்பேசிக்காரருக்கு வந்துசேரும். இணைப்பை மட்டும் பகிர்ந்துகொண்டாலும் இதே சிக்கல் எழலாம்.

கைப்பேசியைத் தொடாமலே அதை இரவல் கேட்கும் முறையும் ஒன்று உண்டு. “தவறுதலா உன் நம்பருக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பிட்டேன், அதை எனக்கு அனுப்பு” என்று தெரிந்தவரின் வாட்சாப் கணக்கிலிருந்து செய்தி வரும். அந்தக் குறியீடு, பெறுபவரின் கணக்கை வேறொரு கருவியில் திறப்பதற்கான சாவி. செய்தியை அனுப்புவது அந்த நண்பராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய கணக்கும் முன்பே இப்படிப் பறிபோயிருக்கலாம். இங்கே முகம் பார்க்க எதுவும் இல்லை, ஏனென்றால் எதிரே இருப்பவர் யாரென்றே தெரியாது. நண்பரை நேரடியாக அழைத்து அவருடைய குரலைக் கேட்டாலே உண்மை விளங்கிவிடும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் பறிபோயிருந்தால், வங்கியையோ 997 என்ற எண்ணில் தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தையோ உடனே அழைக்க வேண்டும்.

மறுப்பு பொருந்தாத நேரமும் உண்டு. நெஞ்சுவலியால் ஒருவர் துடிக்கும்போது, வழக்கத்தைப் பற்றிப் பேசுவது அழகல்ல. ஆனால், அப்போதும் தேவைப்படுவது சாவி அன்று. பதற்றத்தில் இருப்பவர் ஓட்டுவதைவிட, 999ஐ அழைப்பதோ உரிமையாளரே வாகனத்தை எடுப்பதோ பாதுகாப்பானது.

எவ்வளவு கவனமாகச் சொன்னாலும் சிலர் வருந்தத்தான் செய்வார்கள். அடுத்த வரிசை வீட்டுக்காரர் அன்று ஒன்றும் பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம். அந்த மௌனத்தைக் கண்டு, பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்பது உதவாது. மன்னிப்பு, பெரிய பிழை ஒன்று நடந்துவிட்டது என்று அவரையே நம்பவைக்கும். பேச்சு மறுபடியும் சாவிக்கே திரும்பும். மறுநாள் காலை ரொட்டிக் கடையில் அவரைப் பார்த்தால் மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு சொல்லும் தேவையில்லை. “அண்ணே, அம்மா இப்போ எப்படி இருக்காங்க?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை நின்று கேட்கலாம்.